ஒரே மேற்செலவு வீதமா, பிரிவுக்கொரு வீதமா: வேலையின் விலை எப்படி மாறுகிறது என்பதற்கான முழுமையான வழிகாட்டி

ஆர்டர் வாரியாக வேலை எடுத்துச் செய்யும் தொழிற்சாலையில், மூலப்பொருளையும் கூலியையும் ஒரு வேலையின் கணக்கில் எழுதுவது எளிது. எந்த ஒரு வேலைக்கும் நேரடியாகச் சொந்தமில்லாத வாடகை, மின்சாரம், தேய்மானம், மேற்பார்வையாளர் சம்பளம், பராமரிப்பு போன்ற மேற்செலவுகளை வேலைகளின் மேல் எப்படி ஏற்றுவது என்பதில்தான் விலைப்புள்ளிகள் தவறுகின்றன. தொழிற்சாலை முழுவதற்கும் ஒரே வீதம் வைத்திருந்த கணக்கைப் பிரிவுவாரி வீதத்துக்கு மாற்றும்போது செய்ய வேண்டியவற்றை, செய்யும் வரிசையிலேயே கீழே தருகிறேன். புதிதாக இந்தக் கணக்கில் உட்காருபவர்கள் வழக்கமாகத் தடுமாறும் இடங்களை அந்தந்தப் படியிலேயே சொல்லியிருக்கிறேன்.

தொடக்கம் முதல் கடைசி வரை ஒரே உதாரணத்தைப் பின்பற்றுவோம். அந்தத் தொழிற்சாலையில் இரண்டு உற்பத்திப் பிரிவுகள் உள்ளன: இயந்திரப் பிரிவு, அசெம்பிளி பிரிவு. இவற்றுக்கு உதவியாகப் பராமரிப்பு, ஸ்டோர்ஸ் என்று இரண்டு சேவைப் பிரிவுகள் இருக்கின்றன. எண்கள் உதாரணத்துக்காக அமைத்தவை. அவற்றை எந்த நாணயத்தில் வேண்டுமானாலும் படித்துக்கொள்ளலாம்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதல் தேவை, வரும் ஆண்டுக்கான மேற்செலவு பட்ஜெட். சென்ற ஆண்டின் உண்மைச் செலவை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. வேலை முடிவதற்கு முன்பே விலை சொல்ல வேண்டியிருப்பதால், வீதத்தை ஆண்டின் தொடக்கத்திலேயே முன்கூட்டி வகுத்துக்கொள்கிறோம். வகுபடும் செலவும் வகுக்கும் மணியும் ஒரே காலத்தின் மதிப்பீடுகளாக இருக்க வேண்டும். பட்ஜெட் செலவைச் சென்ற ஆண்டின் உண்மை மணிகளால் வகுப்பது, பார்த்தவுடன் கண்ணில் படாத பிழை.

இரண்டாவது தேவை, பிரிவுவாரியாக நேரம் பதிவான ஜாப் கார்டுகள். “மொத்தம் 14 மணி” என்று மட்டும் எழுதிய ஜாப் கார்டை வைத்துப் பிரிவு வீதம் போட முடியாது. எந்தப் பிரிவில் எத்தனை உழைப்பு மணி, எத்தனை இயந்திர மணி என்று தனித்தனியாக வேண்டும். வீதம் கணக்கிடுவது இரண்டு நாள் வேலை. இந்தப் பதிவைச் சரியாக வாங்கப் பழக்குவதற்கு இரண்டு மூன்று மாதங்கள் ஆகலாம். ஆகவே ஜாப் கார்டை முதலில் மாற்றுங்கள், வீதத்தைப் பிறகு மாற்றுங்கள்.

மூன்றாவதாக, பகிர்வுக்கு வேண்டிய அளவுகளைச் சேகரித்துக்கொள்ளுங்கள். பிரிவுகளின் தரைப்பரப்பு, இயந்திரங்களின் மதிப்பு, மின்மீட்டர் அளவுகள், பராமரிப்புப் பிரிவு ஒவ்வொரு இடத்திலும் செலவிட்ட மணிகள், ஸ்டோர்ஸுக்கு வந்த கேட்புச் சீட்டுகளின் எண்ணிக்கை ஆகியவை போதும்.

2. முதலில் ஒற்றை வீதத்தையே கணக்கிடுங்கள்

நம் தொழிற்சாலையின் ஆண்டு மேற்செலவு பட்ஜெட் 18,00,000. நேரடி உழைப்பு மணிகள், இயந்திரப் பிரிவில் 10,000, அசெம்பிளியில் 30,000, ஆக மொத்தம் 40,000. எனவே ஒற்றை வீதம் ஓர் உழைப்பு மணிக்கு 45.

மாற்றப்போகும் வீதத்தை ஏன் முதலில் போட வேண்டும் என்று கேட்கலாம். ஒப்பிட ஓர் அடிக்கோடு வேண்டும் என்பது ஒரு காரணம். மற்றொன்று, 18,00,000 என்ற மொத்தத்தை இந்த இடத்தில் உறுதிசெய்துகொண்டால், பின்வரும் ஒவ்வொரு படியின் முடிவிலும் அதே மொத்தம் வருகிறதா என்று சரிபார்க்கலாம். பிரிவு வீதம் செலவைக் கூட்டுவதும் இல்லை, குறைப்பதும் இல்லை. இடம் மாற்றி வைக்கிறது, அவ்வளவுதான்.

3. மேற்செலவை நான்கு பிரிவுகளுக்கும் பங்கிடுங்கள்

ஒரு பிரிவுக்கே உரிய செலவுகளை முதலில் அந்தப் பிரிவில் எழுதிவிடுங்கள். இயந்திரத் தேய்மானம், வெட்டுக்கருவிகள், அந்தப் பிரிவு மேற்பார்வையாளரின் சம்பளம் ஆகியவற்றைப் பகிர வேண்டியதில்லை. பகிர்வு விதி எதுவாயினும் அதில் ஓர் ஊகம் இருப்பதால், ஊகமின்றி எழுதக்கூடியதை முதலில் எழுதி முடிப்பது நல்லது.

பொதுச் செலவுகளை அடுத்ததாக எடுங்கள். உதாரணமாக, வாடகை 2,40,000. தரைப்பரப்பில் இயந்திரப் பிரிவு 35 விழுக்காடும், அசெம்பிளி 45 விழுக்காடும், பராமரிப்பு 5 விழுக்காடும், ஸ்டோர்ஸ் 15 விழுக்காடும் பிடித்திருந்தால், அவற்றின் பங்கு முறையே 84,000, 1,08,000, 12,000, 36,000 ஆகும். காப்பீட்டை இயந்திர மதிப்பின்படியும் மின்சாரத்தை மீட்டரின்படியும் பகிரலாம். பிரிவுக்கொரு மீட்டர் இல்லையென்றால் இயந்திரங்களின் கிலோவாட் திறனை அவை ஓடும் மணியால் பெருக்கி, அந்த விகிதத்தில் பங்கிடலாம். தரைப்பரப்பின்படி மின்சாரத்தைப் பகிர்ந்துவிடுவது புதியவர்கள் செய்யும் வழக்கமான தவறு. அதனால் அசெம்பிளியின் மேசைகள், இயந்திரங்கள் இழுக்கும் மின்சாரத்துக்குப் பணம் கொடுக்கின்றன.

எல்லாச் செலவுகளையும் இப்படிப் பங்கிட்ட பின் நம் கணக்கு இவ்வாறு நிற்கிறது: இயந்திரப் பிரிவு 9,54,000, அசெம்பிளி 3,66,000, பராமரிப்பு 2,40,000, ஸ்டோர்ஸ் 2,40,000. மொத்தம் 18,00,000. சரியாக இருக்கிறது.

4. சேவைப் பிரிவுகளின் செலவை உற்பத்திப் பிரிவுகளுக்கு நகர்த்துங்கள்

எந்த வேலையும் பராமரிப்புப் பிரிவின் வழியாகவோ ஸ்டோர்ஸின் வழியாகவோ நேராக நகர்வதில்லை. ஆகவே அங்கே நிற்கும் 4,80,000 ஐ, அந்தச் சேவையைப் பெற்ற உற்பத்திப் பிரிவுகளுக்கு மாற்றினால்தான் அது வேலைகளின் மேல் ஏறும்.

மற்றச் சேவைப் பிரிவுகளுக்கு அதிகமாக உதவும் பிரிவை முதலில் காலி செய்வது வழக்கம். இங்கே அது பராமரிப்பு. அதன் மணிகளில் 75 விழுக்காடு இயந்திரப் பிரிவிலும், 15 விழுக்காடு அசெம்பிளியிலும், 10 விழுக்காடு ஸ்டோர்ஸிலும் செலவாகின்றன. எனவே 1,80,000, 36,000, 24,000 என்று பிரிகிறது. இப்போது ஸ்டோர்ஸில் 2,64,000 இருக்கிறது. கேட்புச் சீட்டுகளில் நான்கில் ஒரு பங்கு இயந்திரப் பிரிவிலிருந்தும் மூன்று பங்கு அசெம்பிளியிலிருந்தும் வருவதால், 66,000, 1,98,000 என்று அதுவும் காலியாகிறது.

முடிவில் இயந்திரப் பிரிவில் 12,00,000, அசெம்பிளியில் 6,00,000. மொத்தம் அதே 18,00,000.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். ஒருமுறை காலி செய்த பிரிவுக்கு மறுபடி எதையும் அனுப்பக் கூடாது. ஸ்டோர்ஸ் பராமரிப்புக்கும் உதிரிபாகங்கள் கொடுக்கிறது என்பது உண்மைதான். ஆனால் இந்த முறை அந்தத் திரும்புபாதையைக் கணக்கில் எடுப்பதில்லை. அது உறுத்தினால், வரிசையை மாற்றி ஸ்டோர்ஸை முதலில் வைத்து ஒருமுறை போட்டுப் பாருங்கள். கடைசி வீதம் கணிசமாக மாறாவிட்டால் அந்தக் கவலையை விட்டுவிடலாம்.

இரண்டாவது பிழையின் விளைவு பெரியது. சேவைப் பிரிவுகளின் செலவை மாற்றி முடித்த பிறகும், வேலைகளின் மேல் “பராமரிப்புக் கட்டணம்” என்று தனியாக ஒரு விழுக்காட்டைச் சேர்க்கும் பழைய வழக்கம் விலைப்புள்ளித் தாளில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரே செலவு இரண்டு முறை ஏறும். விலைப்புள்ளி வார்ப்புருவைத் திறந்து அப்படிப்பட்ட வரிகளை நீக்கிய பிறகே அடுத்த படிக்குச் செல்லுங்கள்.

5. ஒவ்வொரு பிரிவுக்கும் பொருத்தமான அடிப்படையைத் தேர்ந்தெடுங்கள்

ஒரு பிரிவில் செலவு எதனால் ஏறுகிறதோ அதையே அடிப்படையாகக் கொள்ள வேண்டும். அசெம்பிளியில் ஆட்கள் கையால் வேலை செய்கிறார்கள். மேற்பார்வையும் இடமும் கருவிகளும் ஆள் மணியைத் தொடர்ந்தே செலவாகின்றன. அங்கே உழைப்பு மணி பொருந்தும். இயந்திரப் பிரிவில் ஒரே ஆபரேட்டர் இரண்டு மூன்று இயந்திரங்களைக் கவனிக்கிறார். தேய்மானமும் மின்சாரமும் வெட்டுக்கருவியும் இயந்திரம் ஓடுவதால் ஏற்படுகின்றனவே தவிர ஆபரேட்டர் நிற்பதால் ஏற்படுவதில்லை. அங்கே இயந்திர மணியே பொருந்தும்.

இயந்திர மணியை மதிப்பிடும் விதத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். 12 இயந்திரங்கள், ஆண்டுக்கு 300 நாள், நாளுக்கு 8 மணி என்றால் 28,800 மணி. இது நாட்காட்டி மணி. பழுது, காத்திருப்பு, செட்டிங் ஆகியவற்றுக்கு 4,800 மணி போனால், வேலைக்குக் கிடைப்பது 24,000. வகுக்க வேண்டியது இந்த 24,000 ஆல்தான். 28,800 ஆல் வகுத்தால் வீதம் குறைந்து காணும். ஆனால் ஆண்டு முடிவில் ஒரு பகுதி மேற்செலவு எந்த வேலையின் மேலும் ஏறாமல் நிற்கும்.

செட்டிங் நேரத்தை இங்கே கழித்தோம் என்பதை மறக்க வேண்டாம். வகுக்கும் மணியில் கழித்ததை, வேலையின் மேல் ஏற்றும் மணியில் சேர்க்கக் கூடாது. நான் பார்த்த ஓர் இடத்தில், வீதம் போட்டவர் செட்டிங்கைக் கழித்துவிட்டார். ஜாப் கார்டு எழுதியவர் அதைச் சேர்த்துவிட்டார். சிறிய வேலைகளுக்கு ஓட்டத்தைவிடச் செட்டிங்கே அதிகம் என்பதால், அவற்றின் விலை மட்டும் காரணம் புரியாமல் ஏறிக்கொண்டிருந்தது. எது உள்ளே, எது வெளியே என்று ஒரு வரியில் எழுதி ஜாப் கார்டின் தலைப்பிலேயே அச்சிட்டுவிடுவது நல்லது.

இப்போது வீதங்கள்: இயந்திரப் பிரிவுக்கு 12,00,000 ஐ 24,000 ஆல் வகுத்து, இயந்திர மணிக்கு 50. அசெம்பிளிக்கு 6,00,000 ஐ 30,000 ஆல் வகுத்து, உழைப்பு மணிக்கு 20. அவசரத்தில் 18,00,000 ஐயே இரண்டு பிரிவின் மணிகளாலும் தனித்தனியாக வகுத்துவிடுபவர்கள் உண்டு. பிரிவுச் செலவைப் பிரிவு மணியால்தான் வகுக்க வேண்டும்.

6. மாறுபட்ட இரண்டு வேலைகளை இரு வழியிலும் போட்டுப் பாருங்கள்

சோதனைக்குச் சராசரி வேலையை எடுக்காதீர்கள். சராசரி வேலைக்கு இரண்டு முறையும் ஏறக்குறைய ஒரே விடையைத்தான் தரும். ஓரங்களில் இருக்கும் இரண்டு வேலைகளை எடுங்கள்.

முதல் வேலை இயந்திரத்தை அதிகம் பிடிப்பது: இயந்திரப் பிரிவில் 10 உழைப்பு மணியும் 30 இயந்திர மணியும், அசெம்பிளியில் 4 உழைப்பு மணியும் தேவை. இரண்டாவது வேலை கைவேலை மிகுந்தது: இயந்திரப் பிரிவில் 2 உழைப்பு மணியும் 4 இயந்திர மணியும், அசெம்பிளியில் 28 உழைப்பு மணியும் தேவை. மூலப்பொருள் இரண்டுக்கும் 1,800. கூலி மணிக்கு 60. லாபத்துக்காக அடக்கத்தின் மேல் 20 விழுக்காடு சேர்ப்பது இந்தத் தொழிற்சாலையின் வழக்கம்.

| | முதல் வேலை | இரண்டாவது வேலை |
|---|---|---|
| மூலப்பொருளும் கூலியும் | 2,640 | 3,600 |
| மேற்செலவு, ஒற்றை வீதம் | 630 | 1,350 |
| மேற்செலவு, பிரிவு வீதம் | 1,580 | 760 |
| விலை, ஒற்றை வீதம் | 3,924 | 5,940 |
| விலை, பிரிவு வீதம் | 5,064 | 5,232 |

ஒற்றை வீதப்படி முதல் வேலைக்குச் சொன்ன விலை 3,924. பிரிவு வீதப்படி அதன் அடக்கமே 4,220. 20 விழுக்காடு லாபம் என்று நினைத்து எடுத்த வேலையில் 296 நட்டம். இரண்டாவது வேலையில் நிலைமை நேர்மாறு: 5,232 க்குச் செய்து தரக்கூடியதற்கு 5,940 கேட்டிருக்கிறோம். 5,500 கேட்ட போட்டியாளரிடம் அந்த ஆர்டர் போயிருக்கும். அவர் எப்படி அந்த விலைக்குத் தருகிறார் என்று நாம் வியந்திருப்போம்.

7. வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று பிரித்துப் பாருங்கள்

பெரும்பாலோர் விட்டுவிடும் படி இது. ஒற்றை வீதத்திலிருந்து பிரிவு வீதத்துக்கு வரும்போது ஒன்றல்ல, இரண்டு மாற்றங்கள் ஒருசேர நடக்கின்றன. பிரிவுகளைப் பிரிப்பது ஒன்று. இயந்திரப் பிரிவின் அடிப்படையை உழைப்பு மணியிலிருந்து இயந்திர மணிக்கு மாற்றுவது மற்றொன்று. எது எவ்வளவு வேலை செய்தது என்று தெரிந்தால்தான், எந்தப் பதிவுக்குச் செலவழிக்கலாம் என்று முடிவெடுக்க முடியும்.

அதைக் காண, இடையில் ஒரு கற்பனை வீதம் போட வேண்டும். இயந்திரப் பிரிவையும் உழைப்பு மணியாலேயே வகுத்தால், 12,00,000 ஐ 10,000 ஆல் வகுத்து மணிக்கு 120 வரும். இந்த வீதத்தில் முதல் வேலையின் மேற்செலவு, 10 மணிக்கு 1,200 உம் அசெம்பிளியின் 4 மணிக்கு 80 உம் சேர்ந்து 1,280. ஆக, 630 லிருந்து 1,280 க்கு ஏறிய 650, பிரிவுகளைப் பிரித்ததால் வந்தது. 1,280 லிருந்து 1,580 க்கு ஏறிய மீதி 300, அடிப்படையை மாற்றியதால் வந்தது.

அந்த 300 ஏன் வருகிறது? இயந்திரப் பிரிவின் சராசரி, ஓர் உழைப்பு மணிக்கு 2.4 இயந்திர மணி. முதல் வேலையோ ஓர் உழைப்பு மணிக்கு 3 இயந்திர மணி பிடிக்கிறது. சராசரியைவிட ஆளை மிச்சப்படுத்தி இயந்திரத்தை அதிகம் ஓட்டும் வேலை அது. உழைப்பு மணியால் அளந்தால் அந்தக் கூடுதல் ஓட்டம் கண்ணுக்குத் தெரியாது.

இரண்டாவது வேலையில் மொத்த வித்தியாசம் 590. அதில் 550 பிரித்ததாலும் வெறும் 40 அடிப்படை மாறியதாலும் வந்தவை. உங்கள் வேலைகள் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையைப் போல இருந்தால், இயந்திர மணியைப் பதிவு செய்யும் செலவை இப்போதைக்குத் தவிர்த்து, இரண்டு பிரிவையும் உழைப்பு மணியாலேயே அளக்கலாம். பலன் பெரும்பகுதி கிடைத்துவிடும்.

8. அடக்கத்தை விலையாக மாற்றும்போது நிதானம் தேவை

மேற்செலவில் வந்த வித்தியாசம் விலையில் அப்படியே வருவதில்லை. லாப விழுக்காட்டால் பெருகி வருகிறது. முதல் வேலையில் மேற்செலவு 950 கூடியது. விலை 1,140 கூடியது. அந்த 20 விழுக்காடு பழைய அடக்கத்தை வைத்துப் பழகிய விழுக்காடு என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். வீதம் மாறிய அன்றே அதே விழுக்காட்டை எந்திரத்தனமாகப் போடுவது, பழைய பிழையை எடுத்துவிட்டுப் புதிய பிழையை வைப்பதாக ஆகலாம்.

விற்பனையில் இருப்பவர் நிச்சயம் வந்து நிற்பார். “நேற்று வரை 3,924 என்று சொன்ன வேலைக்கு இன்று 5,064 என்றால் வாடிக்கையாளரிடம் நான் என்ன சொல்வது?” அவர் கேட்பது நியாயம். பிரிவு வீதம் தருவது அடக்கத்தின் தகவல். சந்தை விலையை அது நிர்ணயிப்பதில்லை. விலையை ஏற்றுவது ஒரு வழி. இயந்திர மணி குறையும்படி வேலையின் முறையை மாற்றுவது மற்றொரு வழி. அந்த வகை வேலையைக் குறைத்துக்கொண்டு, 5,232 என்ற புதிய விலையோடு இரண்டாவது வகை ஆர்டர்களைத் தேடுவது மூன்றாவது. என் அனுபவத்தில் மூன்றாவதுதான் வேகமாகப் பலன் தருகிறது. ஏனென்றால் விலையைக் குறைத்துச் சொல்லும் உரையாடல் எப்போதும் எளிது.

இன்னொரு கணக்கையும் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். 50 என்ற வீதத்தில் எல்லாமே வேலை வந்தால் கூடும் செலவு அல்ல. அதில் மின்சாரம், வெட்டுக்கருவி போன்ற மாறும் செலவு 15 என்றும், மீதி 35 தேய்மானம், வாடகை போன்ற நிலைச் செலவு என்றும் வைத்துக்கொள்வோம். அசெம்பிளியின் 20 இல் மாறுவது 5. அப்படியானால் முதல் வேலையை எடுப்பதால் கூடும் செலவு, மூலப்பொருளும் கூலியும் 2,640, இயந்திரப் பிரிவில் 450, அசெம்பிளியில் 20, ஆக 3,110.

இயந்திரங்கள் சும்மா நிற்கும் மாதத்தில் 3,924 க்கு வந்த இந்த வேலையை மறுத்தால், நிலைச் செலவுக்கு உதவியிருக்கும் 814 ஐ இழப்போம். இயந்திரங்கள் நிரம்பி வழியும் மாதத்தில் அதே விலைக்கு எடுத்தால், 30 இயந்திர மணியை நல்ல விலை தரும் வேறு வேலையிடமிருந்து பறித்துவிடுவோம். ஒரே வீதத்தாள் இரண்டு மாதத்துக்கும் ஒரே பதிலைத் தராது. அதனால் ஒவ்வொரு பிரிவு வீதத்தையும் மாறும் பகுதி, நிலைப் பகுதி என்று இரண்டாக எழுதி வையுங்கள். வழக்கமான விலைக்கு முழு வீதத்தைப் பயன்படுத்துங்கள். மாறும் பகுதியை, அதற்குக் கீழே இறங்கவே கூடாத தரையாகக் கொள்ளுங்கள்.

9. ஆண்டு முடிவில் பிரிவுவாரியாகச் சரிபாருங்கள்

ஒற்றை வீதத்தின் தீங்கு ஒரு வேலையோடு முடிவதில்லை. அடக்கத்துக்குக் கீழே விலை சொன்ன இயந்திர வேலைகள் வந்து குவியும். கூடுதலாக விலை சொன்ன கைவேலைகள் வெளியே போகும். நம் தொழிற்சாலை ஒற்றை வீதத்திலேயே ஓராண்டு ஓடியதாகக் கொள்வோம். இயந்திரப் பிரிவில் 26,000 இயந்திர மணியும் 10,800 உழைப்பு மணியும் ஆயின. அசெம்பிளி 24,200 உழைப்பு மணிக்குச் சுருங்கியது. உண்மை மேற்செலவு இயந்திரப் பிரிவில் 12,60,000, அசெம்பிளியில் 5,60,000, மொத்தம் 18,20,000.

ஒற்றை வீதத்தில் 35,000 உழைப்பு மணிக்கு 45 வீதம் ஏறியது 15,75,000. குறைவு 2,45,000. செலவு பட்ஜெட்டைவிட 20,000 மட்டுமே கூடியிருக்க, இவ்வளவு பெரிய பள்ளம் ஏன் என்று யாருக்கும் விளங்காது. “வீதம் போதவில்லை” என்று முடிவுகட்டி, 18,20,000 ஐ 35,000 ஆல் வகுத்து, அடுத்த ஆண்டுக்கு 52 என்று உயர்த்துவார்கள். அதன் பிறகு இரண்டாவது வேலையின் விலை 5,940 லிருந்து 6,192 ஆகிறது. ஏற்கெனவே கைநழுவிக்கொண்டிருந்த வேலை இன்னும் விலகிப் போகும். முதல் வேலையோ ஏறக்குறைய 4,042 க்கு வந்து, அப்போதும் 4,220 என்ற அடக்கத்துக்குக் கீழேயே நிற்கும். வீதம் ஆண்டுதோறும் ஏறுவதும், இயந்திரங்கள் நிரம்பியிருக்கும்போதே அசெம்பிளி காலியாவதும், ஆர்டர்கள் வந்தும் லாபம் வராததும் ஒரே நேரத்தில் நடந்தால் இந்தச் சுழல் தொடங்கிவிட்டது என்று அறியலாம்.

அதே ஆண்டைப் பிரிவு வீதத்தில் பாருங்கள். இயந்திரப் பிரிவில் ஏறியிருக்கக்கூடியது 13,00,000. உண்மைச் செலவைவிட 40,000 அதிகம். அசெம்பிளியில் ஏறியிருக்கக்கூடியது 4,84,000, 76,000 குறைவு. நிகரக் குறைவு 36,000 மட்டும். அதைவிட முக்கியம், பள்ளம் அசெம்பிளியில் இருக்கிறது, அது வேலை இல்லாததால் வந்தது என்பது நேராகத் தெரிகிறது. அந்த 76,000 ஐ அடுத்த ஆண்டு வீதத்தில் சேர்த்துவிடாதீர்கள். அது சும்மா இருந்த திறனின் செலவு; அதை வாடிக்கையாளரின் விலைக்குள் வைத்தால் இன்னும் வேலை குறையும். தனி வரியாக எழுதி அந்த ஆண்டின் லாபநட்டக் கணக்கிலேயே தீர்ப்பது நல்லது.

மாற்றும் நாளைப் பற்றி ஒரு சொல். நடு ஆண்டில், பாதி முடிந்த வேலைகளின் மேல் புது வீதத்தை ஏற்றினால், ஒரே வேலை இரண்டு கணக்கிலும் அரைகுறையாக நிற்கும். ஆண்டின் தொடக்கத்தில் மாற்றுங்கள். அதற்கு முன் திறந்த வேலைகளைப் பழைய வீதத்திலேயே முடித்துவிடுங்கள். மாற்றத்துக்கு முந்தைய மூன்று மாதங்கள், விலைப்புள்ளியில் பழைய வீதமும் உள்தாளில் புது வீதமுமாக இரண்டையும் ஒருசேர எழுதிப் பார்ப்பது, தவறான ஜாப் கார்டுகளைக் கண்டுபிடிக்கச் சிறந்த வழி.

10. எங்கே இது தேவையில்லை, எங்கே இதுவும் போதாது

எல்லா வேலைகளும் இரண்டு பிரிவுகளையும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் பயன்படுத்தினால் ஒற்றை வீதமே போதும். நம் தொழிற்சாலையில் ஒவ்வொரு வேலையும் ஓர் இயந்திரப்பிரிவு உழைப்பு மணிக்கு 3 அசெம்பிளி மணியும் 2.4 இயந்திர மணியும் எடுத்திருந்தால், இரண்டு முறையும் கடைசி எண் வரை ஒன்றாகவே வந்திருக்கும். 4 உழைப்பு மணிக்கு 45 வீதம் 180. பிரிவு வீதத்தில் 120 உம் 60 உம் சேர்ந்து அதே 180. ஆகவே பிரிவுகளின் வீதங்கள் எவ்வளவு வேறுபடுகின்றன என்பதை மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். வேலைகளும் தங்களுக்குள் வேறுபட்டிருந்தால்தான் விலை மாறும். சென்ற ஆண்டின் 20 ஜாப் கார்டுகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் இயந்திரப் பிரிவின் உழைப்பு மணி மொத்தத்தில் எத்தனை பங்கு என்று பார்த்தாலே இது தெரிந்துவிடும்.

மறுபுறம், ஒரே இயந்திரப் பிரிவுக்குள் விலை மிகுந்த சி.என்.சி. இயந்திரமும் தேய்மானம் எப்போதோ முடிந்துபோன பழைய லேத்தும் அருகருகே நின்றால், 50 என்ற வீதம் இரண்டின் சராசரியாகிவிடும். ஒற்றை வீதம் தொழிற்சாலைக்குச் செய்த அதே தவற்றை, பிரிவு வீதம் பிரிவுக்குள் செய்யும். அங்கே இயந்திரக் குழுக்களுக்குத் தனித்தனி வீதம் போட வேண்டும். செட்டிங், பரிசோதனை போன்றவை ஓடும் மணியைப் பொறுத்தவை அல்ல, எத்தனை முறை தொகுதி மாறுகிறது என்பதைப் பொறுத்தவை. 10 எண்ணிக்கை ஆர்டரும் 1,000 எண்ணிக்கை ஆர்டரும் ஒரே செட்டிங்கைக் கேட்கும் இடத்தில், மணி வீதம் எதுவாயினும் சிறிய ஆர்டரின் அடக்கம் குறைத்தே காட்டப்படும். செட்டிங்கின் செலவை மட்டும் பிரித்தெடுத்து, ஒரு செட்டிங்குக்கு இவ்வளவு என்று ஆர்டரின் மேல் நேராக எழுதுவதே அதற்கு வழி. அதற்கு ஐந்தாம் படியில் கழித்த செட்டிங் மணிகளைத் தனியே பதிவு செய்து வைத்திருக்க வேண்டும்.